ஃபிளஷ் பண்ணாமலேயே நிரம்பும் டேங்க்: சத்தம் மேலே, ஓட்டை கீழே

கேள்வி: டாய்லெட் ஃபிளஷ் டேங்கில் முன்பு எப்போதும் மெல்லிய 'உஸ்' சத்தம் இருந்தது. மிதவை கெட்டுவிட்டது என்று நினைத்து ஃபில் வால்வை மிதவையோடு புதிதாக மாற்றினோம். 'உஸ்' போய்விட்டது. ஆனால் இப்போது யாரும் பட்டனைத் தொடாமலேயே அரை மணிக்கொரு தடவை 'சர்ர்' என்று தண்ணீர் ஏறி, பத்து வினாடியில் நின்றுவிடுகிறது. புது வால்வும் பழுதா?

பதில்:

புது வால்வு சரியாகத்தான் வேலை செய்கிறது. சத்தம் அதிலிருந்து வருவதால் பழி அதன்மேல் விழுகிறது. டேங்கில் தண்ணீர் குறைந்தால் நிரப்புவது அதன் வேலை, குறைந்ததால் நிரப்புகிறது. யாரும் ஃபிளஷ் பண்ணாதபோது தண்ணீர் ஏன் குறைகிறது என்று பார்த்தால் பதில் பெரும்பாலும் டேங்கின் அடியில், ஃபிளஷ் வால்வின் வாஷரில் இருக்கும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாமே அந்தப் பக்கம்தான் கைகாட்டுகின்றன. முன்பு கேட்ட 'உஸ்' சத்தமும் இதே கசிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கசிவு மாறவில்லை; அதை ஈடுகட்டும் விதம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

இது புரிய வேண்டுமானால் மிதவை எப்படி மூடுகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நீளக் கம்பியின் நுனியில் பந்து தொங்கும் பழைய பால் காக்கில், பந்து ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் வாயும் அந்த அளவுக்குத் திறக்கும். கீழே சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் மேலேயும் சொட்டுச் சொட்டாக விடும். இரண்டும் சமமாகிவிடுவதால் தண்ணீர் மட்டம் அசையாது. காதில் விழுவது அந்த 'உஸ்' மட்டும்தான். இப்போது கடைகளில் கிடைக்கும் நேர்குத்தான ஃபில் வால்வுகளில் பெரும்பாலானவை அப்படி இயங்குவதில்லை. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். சவ்வின் முதுகுப்புறம் உள்ள சிறு அறையில் குழாய்த் தண்ணீரின் அழுத்தம் தேங்கி, சவ்வை வாயில் அழுத்தி மூடி வைத்திருக்கும். அந்த அறைக்கு ஊசித்துளை அளவில் ஒரு வெளிவாசல் உண்டு. மிதவை மேலே இருக்கும்வரை அதன் நெம்புகோல் அந்தத் துளையை அடைத்துப் பிடித்திருக்கும். மிதவை இறங்கித் துளை விடுபட்டால் அறையின் அழுத்தம் வடிந்து, சவ்வு சட்டென்று விலகி, தண்ணீர் முழு வேகத்தில் பாயும். பாதி திறப்பு என்ற நிலை இதில் கிட்டத்தட்ட இல்லை.

நெம்புகோலில் கொஞ்சம் தளர்வு உண்டு. மிதவை தண்டில் உரசி ஏறி இறங்குவதால் சற்றே ஒட்டிக்கொள்ளும். ஆகவே வால்வு மூடிய மட்டமும் மறுபடி திறக்கும் மட்டமும் ஒன்றல்ல. இடையே வால்வின் வகையைப் பொறுத்து ஒன்றிலிருந்து மூன்று சென்டிமீட்டர் வரை வித்தியாசம் இருக்கும். கசிவு இந்த இடைவெளியைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டே வரும். தின்று முடித்ததும் வால்வு திறந்து, இழந்ததைப் பத்து வினாடியில் ஈடுசெய்து, மூடிக்கொள்ளும். அரை மணிக்கொரு 'சர்ர்' என்பதன் கதை இவ்வளவுதான்.

எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதை இதே இரண்டு எண்களிலிருந்து கணக்கிடலாம். முழு ஃபிளஷ் ஒன்று செய்து, டேங்க் நிரம்பி நிற்க எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். உங்கள் டேங்க் முழு ஃபிளஷுக்கு 6 லிட்டர் விடுவது என்றும், நிரம்ப 55 வினாடி ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் 10 வினாடியில் ஏறுவது சுமார் 1.1 லிட்டர். அளவுநாடாவாலும் சரிபார்க்கலாம். டேங்கின் உள்ளளவு 38 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், மட்டம் 2 செ.மீ. இறங்கியபின் நிரம்புகிறது என்றால், 38 × 15 × 2 = 1140 கன சென்டிமீட்டர். உள்ளே நிற்கும் பாகங்கள் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் அதே 1.1 லிட்டர்தான். அரை மணிக்கு ஒரு தடவை என்றால் மணிக்கு 2.2 லிட்டர், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 53 லிட்டர்.

இவ்வளவு போயும் கண்ணில் ஏன் படவில்லை? 1.1 லிட்டரை 30 நிமிடத்துக்குப் பரப்பினால் வினாடிக்கு 0.6 மில்லிலிட்டர்தான் வருகிறது. வெள்ளைப் பீங்கானின் வழவழப்பில் அது ஒரு மெல்லிய படலமாக ஒட்டி இறங்கும். அசைவும் தெரியாது, சத்தமும் கேட்காது. பார்க்க வேண்டுமானால் கோப்பையின் பின்சுவரில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, நன்றாகத் துடைத்து உலரவிட்டு, உலர்ந்த டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றை விளிம்புக்குக் கீழே ஒட்டி வையுங்கள். ஃபிளஷ் பண்ணியபின் விளிம்பில் தங்கிய நீர் கொஞ்ச நேரம் வடியும் என்பதால், கடைசி ஃபிளஷுக்குப் பிறகு கால் மணி விட்டு இதைச் செய்ய வேண்டும். பத்து நிமிடத்தில் காகிதத்தில் மேலிருந்து கீழாக ஈரக்கோடு விழுந்தால் கசிவு உறுதி. டேங்கில் சாயம் கலந்து கோப்பையில் நிறம் வருகிறதா என்று பார்க்கும் வழி பலருக்கும் தெரியும். அது கசிவு உண்டு, இல்லை என்பதைச் சொல்லும். எந்த வழியாகக் கசிகிறது என்பதைச் சொல்லாது. மட்டம் அளவுக்கு மேல் ஏறினால் கோப்பைக்குள் வடித்துவிடும் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகப் போனாலும் கோப்பையில் அதே நிறம்தான் வரும்.

எந்த வழி என்று பிரித்துச் சொல்ல ஒரு பென்சில் போதும். டேங்க் முழுதாக நிரம்பி நின்றதும், சுவரிலிருந்து டேங்குக்கு வரும் குழாயின் ஆங்கிள் காக்கை மூடுங்கள். மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, தண்ணீர் நிற்கும் மட்டத்தை உள்சுவரில் பென்சிலால் கோடிடுங்கள். ஒரு மணி நேரம் யாரும் தொட வேண்டாம். பிறகு மட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

கோடு நின்ற இடத்திலேயே தண்ணீரும் நின்றால், அல்லது மிகச் சிறிதளவு இறங்கி ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்மட்டத்தில் சரியாக நின்றுவிட்டால், ஃபிளஷ் வால்வுமேல் குற்றமில்லை. ஃபில் வால்வு மூடாமல் தண்ணீர் வழிந்து ஓவர்ஃப்ளோவில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஆனால் அந்தப் பழுதில் சத்தம் விட்டுவிட்டு வராது, ஓயாமல் இருக்கும். உங்கள் விவரணை அதற்குப் பொருந்தவில்லை.

ஓவர்ஃப்ளோ வாய்க்குக் கீழே இறங்கி, இன்னும் இறங்கிக்கொண்டே போனால் அடி வாஷர்தான். மேலே கணக்கிட்ட வேகப்படி உங்கள் டேங்கில் ஒரு மணியில் 4 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருக்கும். சற்றுக் குறைவாக என்று சொல்லக் காரணம், மட்டம் தாழத் தாழ வாஷர்மேல் நிற்கும் நீரின் உயரம் குறைந்து கசிவின் வேகமும் கொஞ்சம் தணியும். மிதவையைத் தாழ்த்தி வைத்தால் இந்தத் தொல்லை தீரும் என்று சொல்வதன் பின்னால் இருப்பதும் இதுதான். தணியுமே தவிர தீராது. ஃபிளஷின் வேகம் குறைந்து, இரண்டாம் தடவை பட்டனை அழுத்த வேண்டி வருவதுதான் மிச்சம்.

மூன்றாவதாக, இறங்கி நடுவழியில் ஓர் இடத்தில் நின்றுவிடலாம். அப்படி நின்றால் அந்த மட்டத்தில்தான் ஓட்டை. ஓவர்ஃப்ளோ குழாயில் கீறல் விழுந்திருக்கும், அல்லது குழாய் அடிப்பாகத்தோடு சேரும் இடம் விட்டிருக்கும். இதில் அடிக்கடி கவனத்துக்கு வராமல் போவது ஒன்று உண்டு. ஃபில் வால்விலிருந்து ஓவர்ஃப்ளோ குழாய்க்குள் போகும் மெல்லிய ரப்பர் டியூபைப் பாருங்கள். அதன் நுனி ஓவர்ஃப்ளோவின் வாய்க்கு மேலே கிளிப்பில் நிற்க வேண்டும். ஃபில் வால்வு மாற்றும்போது நீளமாக இருக்கும் டியூபை வெட்டச் சோம்பி அப்படியே உள்ளே செருகிவிட்டால், நுனி டேங்கின் நீர்மட்டத்துக்குக் கீழே போய், டேங்கிலிருந்தே தண்ணீரை உறிஞ்சி இறக்கத் தொடங்கிவிடும். நீங்கள் இப்போதுதான் வால்வு மாற்றியிருப்பதால் இதை முதலில் பார்த்துவிடுங்கள். டியூபை வெளியே எடுத்து, நுனி வாய்க்கு ஓர் அங்குலம் மேலே நிற்கும்படி வெட்டிக் கிளிப்பில் மாட்டினால் முடிந்தது.

டியூபில் ஒன்றும் இல்லை, மட்டம் தொடர்ந்து இறங்குகிறது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

வாஷர் வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன் இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். வாஷர் கெட்டிருக்கிறதா, அல்லது நல்ல வாஷரே, டேங்கின் அடியில் நிற்கும் வளையமான தன் இருக்கையில் உட்கார முடியாமல் தவிக்கிறதா? இரண்டும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும். இரட்டைப் பட்டன் வைத்த டேங்குகளில் பட்டனுக்கு அடியில் இரண்டு பிளாஸ்டிக் தண்டுகள் தொங்கும். அவைதான் வால்வின் தலையை அழுத்தித் திறப்பவை. பட்டன் மேலே நிற்கும்போது தண்டின் நுனிக்கும் வால்வின் தலைக்கும் இடையே 2, 3 மி.மீ. இடைவெளி வேண்டும். தண்டு நீளமாகத் திருகப்பட்டிருந்தால், மூடியை வைத்த கணத்திலேயே அது வால்வை ஒரு மயிரிழை அழுத்தித் திறந்து பிடித்துவிடும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, பென்சில் சோதனையை இரண்டு தடவை செய்வது: மூடியைக் கழற்றி வைத்து ஒரு தடவை, மூடியை மாட்டி ஒரு தடவை. மூடி இல்லாதபோது கசியவில்லை, மாட்டினால் கசிகிறது என்றால் வாஷர்மேல் பழி போட வேண்டாம். தண்டை இரண்டு மூன்று சுற்று உள்ளே திருகிச் சுருக்கினால் போதும்.

மூடி இல்லாதபோதும் கசிந்தால், வால்வின் நடுக்குழாயை விரலால் மெதுவாகக் கீழ்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு கோப்பையில் ஒட்டிய காகிதத்தைப் பாருங்கள். பட்டன் படும் இடத்தை அழுத்தாமல், உள்ளே ஏறி இறங்கும் நடுக்குழாயைத்தான் அழுத்த வேண்டும். அழுத்தியதும் கசிவு நின்றால், வாஷர் பரவாயில்லை, ஆனால் குழாய் முழுதாக இறங்காமல் எங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது: வழிகாட்டிப் பள்ளத்தில் உப்பு, அல்லது சாய்ந்து நிற்கும் வால்வு. கைப்பிடியில் கேபிள் இணைத்த வகை என்றால் அந்தக் கேபிளின் மடிப்பாகவும் இருக்கலாம். அழுத்தியும் நிற்கவில்லை என்றால் வாஷரோ, அது உட்காரும் வளையமோதான்.

சங்கிலியில் தொங்கும் ரப்பர் மூடி வைத்த டேங்குகளில் இந்தக் கேள்விக்கு விடை சங்கிலியில் இருக்கும். மூடி உட்கார்ந்த நிலையில் சங்கிலியில் ஒரு சென்டிமீட்டர் தளர்வு போதும். அதைவிட இறுக்கமாக இருந்தால் மூடியைத் தூக்கிப் பிடிக்கும். மிக நீளமாக இருந்தால் தானே போய் மூடிக்குக் கீழே சிக்கிக்கொள்ளும்.

இனி வாஷரை எடுப்போம். ஆங்கிள் காக் மூடியிருக்க, ஃபிளஷ் செய்து டேங்கைக் காலி செய்யுங்கள். பெரும்பாலான இரட்டைப் பட்டன் வால்வுகளில் மேல்பாகத்தை இரு கையாலும் பிடித்து இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பினால் அடிப்பாகத்திலிருந்து விடுபட்டு மேலே வந்துவிடும். டேங்கைக் கோப்பையிலிருந்து கழற்றத் தேவையில்லை. சுற்றவில்லை என்றால் பக்கவாட்டில் அழுத்தும் கொக்கிகள் இருக்கும். பிளாஸ்டிக் பழசானால் முறுகிவிடும், முரட்டுத்தனமாகத் திருப்பாதீர்கள். சுவருக்குள் மறைத்த டேங்க் என்றால் பட்டன் தகட்டைக் கழற்றினால் தெரியும் ஜன்னல் வழியாகவே வால்வு வெளியே வரும். உள்ளே தனியாக ஒரு ஸ்டாப் காக் இருக்கும். மூட வேண்டியது அதை.

வெளியே வந்த வால்வின் அடியில் தட்டையான வட்ட வாஷர் ஒன்று இருக்கும். அதைக் கழற்றி, இருக்கையில் பட்ட முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இந்த முகம் நிறையச் சொல்லும். இருக்கையின் விளிம்பு பதிந்த வட்டத் தடம் ஒன்று இருக்கும், அது இயல்பு. தடம் ஒரே ஆழத்தில் முழு வட்டமாக ஓடினால் வாஷர் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. ஓரிடத்தில் தடம் மங்கி, எதிர்ப்பக்கம் ஆழமாக இருந்தால் வால்வு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. தடத்தைக் குறுக்கே வெட்டிப்போகும் மயிரிழைக் கோடு ஒன்று தெரிந்தால், அந்தக் கோட்டின் வழியாகத்தான் தினமும் 53 லிட்டர் போய்க்கொண்டிருந்தது. அதே இடத்தில் ஒரு மணல் துகள் அல்லது உப்புக் கட்டி ஒட்டிக்கொண்டிருப்பதையும் பல சமயம் பார்க்கலாம். விரலால் தேய்த்தால் கறுப்பு மை மாதிரி ஒட்டுகிறது என்றால் ரப்பர் செத்துவிட்டது. டேங்குக்குள் போடும் குளோரின் மாத்திரைகள் ரப்பரை இப்படித்தான் ஆக்கும். தட்டையாக மேசையில் வைத்தால் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள். ஊறிப் பெருத்த வாஷர் அப்படி அலையாக வளையும்.

ரப்பர் நன்றாக இருந்து மேலே வெறும் படிவு மட்டும் என்றால் மாற்ற வேண்டியதில்லை. வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் பாத்திரச் சோப்பு விட்டுத் துணியால் துடைத்தால் வழுவழுப்பான பாசி போய்விடும். உப்புப் படிவு என்றால் வெள்ளை வினிகரில் அரை மணி ஊறப்போடுங்கள். இருபுறமும் ஒரே மாதிரியான தட்டை வாஷர் என்றால், புதிது கிடைக்கும்வரை திருப்பிப் போட்டு ஓட்டலாம். மறுமுகம் தடமில்லாமல் சமமாக இருக்கும், சில மாதம் தாங்கும். ஒரு பக்கம் மட்டும் உதடு வைத்த வாஷரைத் திருப்பக் கூடாது. மாற்றுவதானால் வெளிவிட்டம், உள்விட்டம், தடிமன் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து, பழையதையும் கையோடு எடுத்துப் போங்கள். வெளிவிட்டம் பொருந்தினால் போதும் என்று வாங்கிவந்து, தடிமன் ஒரு மில்லிமீட்டர் கூடிப்போய் வால்வு பூட்டாமல் திண்டாடுவது வழக்கமாக நடக்கும் தவறு. சிலிக்கான் வாஷர் கிடைத்தால் அதையே வாங்கலாம். கறுப்பு ரப்பரைவிட நாள்பட நெகிழ்வாக இருக்கும். வாஷரில் வாசலின், கிரீஸ், எண்ணெய் எதையும் தடவ வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைக்கும், போதாததற்கு மணலையும் பிடித்து வைக்கும்.

புது வாஷர் போட்டும் கசிகிறது என்று வருபவர்களில் பலர் விட்டுவிடுவது இருக்கையை. டேங்கின் அடியில் நிற்கும் அந்த வளையத்தின் விளிம்பைச் சுட்டுவிரல் நுனியால் ஒரு முழுச் சுற்று தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். சொரசொரப்பாக இருந்தால் உப்பு. வினிகரில் நனைத்த துணியை வளையத்தின்மேல் அரை மணி போட்டு வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் உதிரும். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டுவதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் வேண்டாம். உப்பு போகும், கூடவே ஒரு கீறல் விழும், கீறல் நிரந்தரம். விரல் ஏற்கெனவே ஒரு பள்ளத்தில் தடுக்கினால் எத்தனை வாஷர் மாற்றினாலும் பயனில்லை, முழு ஃபிளஷ் வால்வையும் மாற்ற வேண்டும்.

வால்வை மறுபடி உட்காரவைத்து, கால் சுற்று வலப்பக்கம் திருப்பி, 'கிளிக்' என்று பூட்டியது தெரிந்ததும் தண்ணீரைத் திறந்து நிரப்புங்கள். இரண்டு மூன்று தடவை ஃபிளஷ் செய்யுங்கள். வாஷர் இருக்கையில் பழக அது உதவும். பிறகு அதே பென்சில் கோடு, அதே மூடிய ஆங்கிள் காக், ஆனால் இந்தத் தடவை இரவு முழுவதும். காலையில் மட்டம் கோட்டிலேயே நிற்க வேண்டும். கோட்டுக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் என்றால் கசிவு தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை. 'சர்ர்' சத்தம் இப்போது அரை மணிக்குப் பதில் நாளுக்கு ஓரிரு தடவைதான் வரும் என்பதால் சரியாகிவிட்டது என்று தோன்றும். அப்போது வால்வை மீண்டும் எடுத்து இருக்கையைத் தடவிப் பாருங்கள்.

வாஷர் புதிது, இருக்கை வழவழப்பு, தண்டில் இடைவெளி சரி, அழுத்திப் பார்த்தாலும் மாற்றமில்லை, ஆனாலும் மட்டம் அடிவரை இறங்குகிறது என்றால் ஒரே ஓர் இடம்தான் மிச்சம்: ஃபிளஷ் வால்வின் அடிப்பாகம் டேங்கின் துளையோடு சேரும் இடம். அங்கே டேங்குக்குள் ஒரு பெரிய வாஷரும், வெளியே கீழ்ப்புறம் ஒரு பெரிய பிளாஸ்டிக் நட்டும் இருக்கும். கோப்பையின் மேலேயே டேங்க் உட்காரும் வகையில் இந்த நட்டைச் சுற்றித் தடித்த ரப்பர் வளையம் ஒன்று இருப்பதால், மரை வழியாகக் கசிவது வெளியே சொட்டாமல் நேராகக் கோப்பைக்குள்ளேயே போய்விடலாம். தரை உலர்ந்திருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். இதற்கு டேங்கைக் கழற்றியே ஆக வேண்டும். பீங்கானில் நட்டை அதிகம் இறுக்கினால் டேங்க் விரிசல் விடும். கையால் இறுக்கியபின் கருவியால் கால் சுற்றுதான். பழக்கமில்லாதவர்கள் இந்தக் கட்டத்தில் பிளம்பரைக் கூப்பிடுவதே மலிவு.

மிதவைப் பக்கம் கவனிக்க வேண்டியது உங்கள் விஷயத்தில் கொஞ்சம்தான், ஆனால் புது வால்வு என்பதால் மட்டத்தை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். நிரம்பி நிற்கும் நீர், ஓவர்ஃப்ளோ வாய்க்கு 2 செ.மீ. கீழே நிற்க வேண்டும். வாய்க்குச் சில மில்லிமீட்டர் கீழே வைத்துவிட்டால் பகலில் சரியாக இருக்கும். இரவில் யாரும் தண்ணீர் பிடிக்காமல் குழாய் அழுத்தம் ஏறும்போது, அந்த ஊசித்துளையை அடைக்க மிதவைக்கு இன்னும் கொஞ்சம் தூக்குவிசை தேவைப்பட்டு, மட்டம் சற்று உயர்ந்தபிறகே மூடும். உயர்ந்த அந்தக் கொஞ்சம் ஓவர்ஃப்ளோவில் வழியத் தொடங்கிவிடும். இரவில் மட்டும் ஒழுகும் டேங்குகளின் ரகசியம் பெரும்பாலும் இதுதான். வால்வின் பக்கத்தில் இருக்கும் நீளத் திருகை ஸ்க்ரூ டிரைவரால் திருப்பினால் மிதவை தாழும்.

தாழ்த்தியும் வழிந்துகொண்டே இருந்தால் மிதவையைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். தூக்கியதும் நின்றால் வால்வு நல்லது: மிதவைக்குள் தண்ணீர் புகுந்திருக்கும், அல்லது டேங்க் சுவரிலோ ஃபிளஷ் வால்விலோ உரசி நிற்கும். தூக்கியும் நிற்கவில்லை என்றால் சவ்வில் துகள். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியபின், அல்லது குழாய் வேலை நடந்தபின் இது வரும். முதுகுப்புற அறைக்குள் தண்ணீரை விடும் சிறு துளை ஒன்று சவ்வில் உண்டு; அது அடைபட்டுவிட்டால் அந்த அறையில் அழுத்தம் சேராது. அழுத்தம் சேராவிட்டால் வால்வு மூடாது. ஆங்கிள் காக்கை மூடி, வால்வின் தலையைக் கழற்றி, சவ்வை எடுத்துக் கழுவுங்கள். தலை இல்லாத நிலையில், திறந்த வாயின்மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு காக்கை ஒரு வினாடி திறந்து மூடினால் உள்ளே தங்கிய மணல் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். சவ்வை எந்தப் பக்கம் எடுத்தீர்களோ அதே பக்கம் திரும்ப வைக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் வால்வு ஒழுங்காக மூடாது. வால்வு நுழைவாயிலில் சிறு வலை ஒன்று இருந்தால் அதையும் கழுவிப் போடுங்கள்.

வாஷர் வாங்கி மாட்டும்வரை ஃபிளஷ் தேவைப்படும்போது மட்டும் ஆங்கிள் காக்கைத் திறந்து, டேங்க் நிரம்பியதும் மூடிவிடலாம். அப்படி மூடினால் டேங்க் மெல்ல முழுதாக வடிந்து, அடுத்தவர் பட்டனை அழுத்தும்போது ஒன்றும் வராது. வீட்டில் மற்றவர்களிடம் சொல்லி வையுங்கள்.